வெள்ளைக் கட்டத்துக்குக் கீழே பதினேழு

கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை. அணைத்துத்தான் இருக்கும். "உன்னோட பேஜாரு"ன்னு என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். அப்படிப்பட்ட நான், கவலைப்பட வேண்டிய ஒரு விஷயத்தில், சரியாக ஒரு மணி நேரம் கவலைப்படாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன பவுண்டரி. எஃகை உருக்கி அச்சில் ஊற்றி வால்வு பாடி, பம்ப் மூடி இந்த மாதிரி வார்த்துக் கொடுப்பார்கள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய நான் முதலில் பேக்கிங்கில்தான் சேர்ந்தேன். மரப்பெட்டிக்கு ஆணி அடித்தேன். பிறகு பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிறு ஞாயிறாகப் போய் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஃபேனுக்கு நேராக இருக்கிற நாற்காலி. அந்த நாற்காலி போய்விடுமோ என்ற பயம் பதினோரு வருஷமாக எனக்கு உண்டு.

என் வேலை டெஸ்பாட்ச் பேப்பர். வண்டி வெளியே போக பில்லு வேண்டும், பேக்கிங் லிஸ்ட் வேண்டும், அதோடு டெஸ்ட் சர்டிபிகேட் வேண்டும். இந்த மூன்றாவதுதான் பெரிய விஷயம். உலையில் ஒரு முறை உருக்கி ஊற்றுவதை ஒரு ஹீட் என்பார்கள். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு நம்பர். அந்த உருக்கில் வார்த்த எல்லாப் பீசிலும் அந்த நம்பர் பதிந்திருக்கும். ஊற்றும்போதே சின்னதாக ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே மிஷின் அதில் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சொல்லும். இழுத்துப் பார்க்கிற டெஸ்ட்டும் உண்டு. இதெல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தில் வருவதுதான் சர்டிபிகேட். வாங்குகிறவர்கள் இரும்பை வெட்டிப் பார்க்க முடியாது, அந்தப் பக்கத்தைத்தான் நம்புவார்கள்.

லேபில் இருந்தவரை எல்லோரும் லேப் சார் என்போம். பள்ளிப்பட்டு பக்கத்துக்காரர். போனில் அவர் அப்பாவோடு "நைனா, நைனா" என்று பேசும்போது மட்டும் குரல் இளகும், மற்ற நேரம் கறாராகத்தான் இருப்பார். சர்டிபிகேட்டின் அடியில் அவர் கையெழுத்து இருக்கும். பேனாவால் போட்டது இல்லை. ஒரு தடவை வெள்ளைத் தாளில் போட்டு ஸ்கேன் எடுத்து, படமாக அவருடைய ஃபைலில் வைத்திருந்தார். சர்டிபிகேட்டை பிடிஎஃப் ஆக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். அவர் எனக்கு மெயிலில் அனுப்புவார். நான் பிரிண்ட் எடுத்து பில்லோடு பின் அடிப்பேன், கம்பெனிக்கு மெயிலும் போடுவேன். அவர் அந்தப் பக்கத்தை எதிலிருந்து, எப்படிச் செய்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த பிடிஎஃப்தான். அதுதான் சர்டிபிகேட் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிடிஎஃப்பில் கை வைக்கிற வேலை எனக்கு வரும் என்று ஆபீஸுக்கே தெரியும். இலவசமாக ஒரு சாஃப்ட்வேர் இறக்கி வைத்திருந்தேன். தேதி மாற்றணுமா, கேட் நம்பர் மாற்றணுமா, என்னிடம் வருவார்கள். எல்லாம் சின்னச் சின்னது. ஒரு முறை ஷிப்ட் பஸ் நோட்டீஸ் தமிழில் இருந்ததை மாற்றச் சொன்னார்கள். ஆரணி என்று இருந்த இடத்தில் பொன்னேரி என்று போட்டேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு காலிக் கட்டம் என்று எழுத்து உடைந்து நின்றது. கம்ப்யூட்டர் சென்டர் டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அதுல வார்த்தை வார்த்தையா இருக்காதும்மா. எந்த எழுத்துப் படம் எந்த இடத்துல நிக்கணும்னு மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்துல வர்ற எழுத்தை மட்டும்தான் கூட மூட்டை கட்டி வெச்சிருக்கும். நீ புதுசா ஒரு எழுத்து கேட்டா அது எங்க போகும்? வேர்டு ஃபைல் இருந்தா அதுல மாத்தி, திரும்ப பிடிஎஃப் பண்ணு."

வேர்டு ஃபைல் இல்லை. திரும்ப டைப் அடித்தேன், பத்து நிமிஷம்தான் ஆனது. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது தமிழ் என்றால் மக்கர் பண்ணும், இங்கிலீஷ் என்றால் பரவாயில்லை என்பதுதான். இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

அது ஒரு சனிக்கிழமை. லேப் சார் வெள்ளிக்கிழமை சாயங்காலமே சர்டிபிகேட் அனுப்பிவிட்டு லீவில் போயிருந்தார். ஊரில் மச்சான் நிலத்தை அளக்கிறார்கள், இவர் நிற்கணும். வால்வு செய்கிற ஒரு கம்பெனிக்கு எட்டு பாடி போகவேண்டியது. மதியம் மூன்று மணிக்கு வண்டியில் ஏற்றி முடித்தாகிவிட்டது. டெஸ்பாட்ச் அண்ணன் வந்து என் டேபிளில் சர்டிபிகேட்டைப் போட்டார்.

"இன்னாம்மா இது. பீஸ்ல 2419னு கீது, பேப்பர்ல 2417னு கீது."

போய்ப் பார்த்தேன். பெட்டியில் இருந்த எட்டு பீசிலும் 2419தான். பேப்பரில் ஹீட் நம்பர் 2417.

"சாரு லீவுக்குப் போற அவசரத்துல தப்பா அடிச்சிட்டாரு," என்றார் அண்ணன். "அங்க கேட்ல பார்த்தான்னா வண்டியைத் திருப்பி அனுப்பிடுவான். மாத்திக் குடு."

"சாருக்குப் போன் பண்றேண்ணா."

மூன்று தடவை போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. வாட்ஸாப்பில் போட்டேன், ஒரு டிக்கோடு நின்றது. லேபைப் பூட்டிவிட்டுச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்திருந்தார்கள். திறந்தாலும் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

"திங்கக்கிழமை அனுப்பலாம்ணா."

"திங்கக்கிழமையா? டிரைவரு டீ குட்ச்சிட்டு கேட்ல நின்னுக்கினு கீறான். அவங்களுக்குத் திங்கக்கிழமை காலைல பீஸ் வேணும்னு சொல்லிக்கீறாங்க. ஒரு நம்பரு. ஏழை ஒம்போதாக்கணும். நீ பண்ணாத வேலையா?"

அவர் சொல்லாத ஒன்று இருந்தது. அது அவருக்கே பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அதனால்தான் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சாஃப்ட்வேரைத் திறந்து அந்த நம்பர் மேல் கர்சரை வைத்தேன். ஏழை அழித்து ஒன்பதை அடித்தேன். ஒன்பது மட்டும் ஒல்லியாக வந்தது. ஹீட் நம்பர் தடிமனான எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் தடிமனில் வேறெங்கும் ஒன்பது இல்லை. டீச்சர் சொன்ன மூட்டையில் அந்த எழுத்து இல்லை, அதனால் வேறு எங்கிருந்தோ ஒரு ஒன்பதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பார்த்த உடனே தெரியும், யாரோ கை வைத்தது. அதை ரத்து செய்தேன். பிறகு எனக்குப் பழக்கமான வழி. நம்பர் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வரைந்தேன். பழசு மறைந்தது. கட்டத்துக்கு மேல் புதிதாக 2419 என்று, ஏறக்குறைய அதே மாதிரி தடிமனான எழுத்தில் அடித்து, நகர்த்தி நகர்த்திச் சரியாக உட்கார வைத்தேன். பிரிண்ட் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"கைராசி," என்றார் அண்ணன். வண்டி போனது. மெயிலும் போட்டேன். அப்போதுதான் அந்த ஒரு மணி நேரம். டீ குடித்தேன். எனக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும் என்று கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

வீட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஆரம்பித்தது. கீழே அவர் கையெழுத்து இருக்கிறதே, அவரைக் கேட்காமல் மேலே மாற்றிவிட்டோமே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளைக் கட்டம்தான் கண்ணில் நின்றது. என் வீட்டுக்காரர் அத்திப்பட்டு பவர் பிளாண்டில் கான்ட்ராக்டில் இருக்கிறார், வேலை முடிந்து களைத்து வந்தவரிடம் சொன்னேன்.

"சரியான நம்பரைத்தான போட்ட?"

"ஆமாங்க."

"அப்புறம் இன்னா? தப்பைத் திருத்தினதுக்கெல்லாமா பயப்படுவாங்க? தூங்கு."

சரியான நம்பர்தான். அதையே சொல்லிச் சொல்லித் தூங்கினேன்.

திங்கட்கிழமை பத்தரை மணி இருக்கும். லேப் சார் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு என் டேபிளுக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஊரிலிருந்து காலை பஸ்ஸில் நேராக வந்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது.

"இந்த சர்டிபிகேட் நான் அனுப்பினது இல்லையே," என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"வால்வு கம்பெனி குவாலிட்டி மேடம் போன் பண்ணாங்க. பார்க்கிறதுக்கு 2419ன்னு இருக்காம். அவங்க ஷீட்ல ஏத்த காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணா 2417ன்னும் சேர்ந்து விழுதாம். ரெண்டு தடவை பண்ணிப் பார்த்தாங்களாம். ஃபைல் விவரத்துல பார்த்தா நான் வெள்ளிக்கிழமை பண்ணதை யாரோ சனிக்கிழமை மதியம் மாத்தினதா காட்டுதாம்."

அவரே செய்து காட்டினார். மவுஸை அந்த இடத்தில் வைத்து இழுத்தார், நீலமாக மாறியது. காப்பி எடுத்து நோட்பேடில் போட்டார். 2417. அடுத்த வரியில் 2419. இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. வெள்ளைக் கட்டம் கண்ணுக்குத்தான் திரை. ஃபைலுக்குள் பழசு அப்படியே படுத்திருந்தது. நான் அதை அழிக்கவே இல்லை, மேலே துணி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

"நான்தான் சார்," என்றேன். போன் போட்டது, வாட்ஸாப் போட்டது, அண்ணன் கேட்டது எல்லாம் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

"அழாத. உட்காரு. அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்க கையெழுத்துப் போட்டு எத்தனை சர்டிபிகேட் இந்த மாதிரி வந்திருக்கு?'ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லணும்."

அவர்களுடைய லிஸ்டில், யார் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்வோம் என்று பெயர்கள் இருக்கும். எங்கள் கம்பெனிக்கு அவர் ஒருவர் பெயர்தான். அது அடிபட்டால் அந்தக் கம்பெனி மட்டும் போகாது. இந்த சிப்காட்டில் ஒரு லேப்காரர் சர்டிபிகேட்டில் கை வைத்தார் என்ற பேச்சு கிளம்பினால், அவரை அடுத்து யாரும் லேபில் உட்கார வைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் சட்டென்று கேட்டார். "இரு. நான் 2417தான் பண்ணேன். டெஸ்பாட்ச்ல எனக்கு எழுதிக் குடுத்த சீட்டுல 2417தான் இருந்தது. தப்பா அடிக்கலையே. 2419 எப்படி வண்டியில போச்சு?"

டெஸ்பாட்ச் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் வந்து, கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல சார். 17ல ரெண்டு பீஸு வெடிப்பு செக்கிங்ல மாட்டிக்கிச்சு. 19ல எட்டும் ரெடியா இருந்துச்சு. அதே பாட்டர்னு, அதே டிராயிங்கு. மாத்தி ஏத்திட்டேன். எல்லாம் ஒரே இரும்பு தான சார்?"

"என்கிட்ட சொல்லணும்ல?"

"நீங்கதான் நிலம் அளந்துக்கினு இருந்தீங்களே சார்."

இந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல் வந்தது. லேப் சார் சிரிக்கவில்லை. பீஸை மாற்றினதன் அர்த்தம் எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சார் தப்பாக எதுவும் அடிக்கவில்லை. அந்தப் பக்கம் முழுக்க முழுக்கச் சரியான பக்கம், 2417க்கு. நம்பர் சரி, கார்பன் சரி, எல்லாம் சரி. பீஸ்தான் மாறியிருந்தது. நான் தலையை மட்டும் மாற்றினேன். உடம்பு 17க்கு உரியதாகவே இருந்தது. ஒரு சரியான பேப்பரைப் பொய்ப் பேப்பராக ஆக்கினது நான்தான்.

"வா," என்று என்னை லேபுக்குக் கூட்டிப்போனார். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் நின்றேன். ஒரு எக்செல் ஃபைல். ஒரு பக்கத்தில் ஹீட் ஹீட்டாக எல்லா அளவும் வரிசையாக இருந்தது. இன்னொரு பக்கத்தில் எனக்குப் பழக்கமான சர்டிபிகேட். ஹீட் நம்பர் கட்டத்தில் 2417 இருந்தது. அவர் அதை அழித்து 2419 அடித்து என்டர் தட்டினார். கீழே இருந்த எல்லா எண்களும் ஒரே நேரத்தில் மாறின. கார்பன் 0.21 இருந்தது 0.27 ஆனது. மாங்கனீஸ் மாறியது. இழுவை பலம் மாறியது. உருக்கின தேதி கூட மாறியது.

"இந்த ஒரு கட்டம்தான் நாம அடிக்கிறது. மத்ததெல்லாம் அதைப் பார்த்துத் தானா வரும். பிடிஎஃப் இதை ஒரு நேரத்துல எடுத்த போட்டோ. போட்டோவுல மூக்கை மாத்தினா ஆள் மாறிடுவானா?"

"கார்பன் அதிகமா இருக்கே சார், ரிஜெக்ட் ஆகுமா?" என்று கேட்டேன்.

"0.30 வரைக்கும் அவங்க வாங்குவாங்க. ஆனா அவங்க இது மேல ஒரு பைப் வெல்டிங் வைப்பாங்க. கார்பனைப் பார்த்துத்தான் சூடு பண்ணிட்டு வெல்டு வைக்கணுமா, சும்மாவே வைக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க. 0.21ன்னா சும்மா வைப்பாங்க. 0.27ஐ சூடு பண்ணாம வெச்சா வெடிப்பு விடலாம். உடனே தெரியாது. பிரஷர் ஏறும்போது தெரியும்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து மேடத்துக்குப் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்த எட்டு பீஸ்ல வெல்டிங் ஆரம்பிச்சாச்சா?"

"ரெண்டு பீஸ் டேபிள்ல ஏத்திட்டாங்க. ஏன்?"

"நிறுத்துங்க. தயவுசெஞ்சு இப்பவே நிறுத்துங்க. அதுல இருக்கிற கார்பன் அளவு அந்தப் பீஸோடது இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் காத்திருந்தோம். இரண்டு நிமிஷம் இருக்குமா, மூன்று இருக்குமா, எனக்கு ஒரு ஷிப்ட் மாதிரி இருந்தது. திரும்ப வந்தார்.

"இன்னும் வெல்டு வைக்கல. டீக்குப் போயிருந்தாங்க. இறக்கச் சொல்லிட்டேன். இப்ப சொல்லுங்க, யார் பண்ணது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க ஆபீஸ்ல பண்ணது மேடம். பீஸை மாத்தி ஏத்தினாங்க, பேப்பர்ல நம்பரை மட்டும் மாத்தினாங்க. ஏமாத்தணும்னு இல்ல. ஆனா என் கையெழுத்துக்கு மேல நடந்தது. அந்தப் படத்தை யார் வேணும்னாலும் உபயோகிக்கிற மாதிரி வெச்சது நான். அதனால என்னைத்தான் கேக்கணும்."

"நீங்க பண்ணீங்களா, உங்க ஆள் பண்ணாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார். அவ்வளவு களைப்பாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மதியத்துக்குள் 2419க்கு எக்செலிலிருந்தே புது சர்டிபிகேட் செய்தார். அதே சர்டிபிகேட் நம்பர், பக்கத்தில் திருத்தம் 1 என்று போட்டார். முன்னால் அனுப்பியது செல்லாது, காரணம் இன்னது என்று அடியில் ஒரு வரி. மிஷின் கொடுத்த பிரிண்டையும் அந்த எட்டுப் பீசுகளின் நம்பர் போட்டோவையும் சேர்த்தார்.

"பழைய ஃபைலை டெலிட் பண்ணிடவா சார்?" என்று கேட்டேன். வெட்கம், அது எங்கேயும் இருக்கக்கூடாது என்று.

"அதைத் தொடாத. தப்பு எங்க நடந்ததுன்னு கேட்டா காட்டணும். மறைக்கிறதை இன்னைக்கோட விடு."

இதைச் சொன்னபோதுதான் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

பிறகு ஒரு வாரம் எனக்கும் அவருக்கும் வேறு வேலையே இல்லை. நான் முன்னால் கை வைத்த பிடிஎஃப் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். மறந்துபோனதையெல்லாம் யோசித்து யோசித்து எழுதினேன். பெரும்பாலும் நோட்டீஸ், கேட் பாஸ். சர்டிபிகேட் என்று பார்த்தால் நான்கு. நான்கிலும் விலாசமோ ஆர்டர் நம்பரோதான், உள்ளே இருந்த அளவில் கை வைத்ததில்லை. இருந்தாலும் நான்கையும் ஷீட்டிலிருந்து திரும்ப எடுத்து, பழசோடு ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்து, அந்தந்தக் கம்பெனிக்குக் கடிதத்தோடு அனுப்பினோம். அதில் ஒன்றில் ஆர்டர் நம்பரை நான் மாற்றிய வரி நீண்டுபோய் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை. பிடிஎஃப்பில் வரி தானாக மடிந்து கீழே இறங்காது, இடம் இல்லை என்றாலும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். சாப்பாடு இறங்கவில்லை. காலை நாஷ்டாவை அப்படியே திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மேடம் ஒரு நாள் நேரில் வந்தார். கண்ணாடி போட்ட, என் வயதுக்காரர். மேனேஜர் ரூமில் என்னையும் கூப்பிட்டார்கள். எப்படிச் செய்தேன் என்று செய்து காட்டச் சொன்னார். அவர் கண் முன்னால் ஒரு பழைய நோட்டீஸின் மேல் வெள்ளைக் கட்டம் வரைந்தேன்.

"சார் போனை எடுக்கலைன்னா வண்டியை நிறுத்தியிருக்கலாமே," என்றார்.

"நிறுத்தினா வேலை போயிடுமோன்னு பயம் மேடம்."

"இப்ப போகலையா?"

"தெரியல மேடம்."

பிறகு மேடம் லேபுக்குப் போய் எக்செலையும் மிஷினின் பதிவையும் ஒரு மாத அளவுக்கு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயங்காலம் வரை பார்த்தார். ஒன்று கூட மாறவில்லை. லேப் சார் பக்கத்தில் நின்றே இருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் அவர்களுடைய கடிதம் வந்தது. பெயர் லிஸ்டிலேயே இருக்கும். ஆனால் நிபந்தனை. படக் கையெழுத்து கூடாது. ஒவ்வொரு சர்டிபிகேட்டும் ஷீட்டிலிருந்து எடுத்து, பீஸ் போட்டோவோடு சரிபார்த்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து வரவேண்டும். ஆறு மாதத்துக்கு மிஷின் பிரிண்டும் கூடவே. ஒன்று பிசகினாலும் பெயர் எடுக்கப்படும். சார் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன், இரண்டு தடவை, பெயர் இருக்கும் என்கிற வரியை மட்டும்.

"இருக்கு சார்," என்றேன்.

"இருக்கு, இருக்கு," என்றார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இறக்கி வைத்த மூட்டையை அவரே திரும்பத் தூக்குகிறவர் மாதிரி ஃபைலைத் திறந்து, அந்தக் கையெழுத்துப் படத்தை எடுத்து நீக்கினார். மற்ற கம்பெனிகளுக்கும் இனி இப்படித்தான் என்றார்.

என் நாற்காலி போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், டெஸ்பாட்ச் அண்ணனுக்கும் கொடுத்தார்கள். அவர் அதை மடித்து லாரி டிரைவர்களுக்குக் காட்டி, "எனக்கும் சர்டிபிகேட் குட்த்துட்டாங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பீஸ் மாறினாலும் முதலில் லேபுக்குத்தான் போகிறார், அதையும் சொல்லணும்.

லேப் சார் இப்போது சனிக்கிழமை லீவு எடுப்பதில்லை. நிலம் அளந்ததில் இரண்டு கல் தள்ளி நட்டுவிட்டார்களாம், அதற்குத் திரும்பவும் ஆள் வரச் சொல்லியிருக்கிறார்கள், இவருக்குப் போக முடியவில்லை. நைனா போனில் கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார். நான்தான் காரணம் என்று நினைக்கும்போது போனை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போகும் வரை தலை நிமிர்வதில்லை.

தினமும் மதியம் அன்றைய டெஸ்பாட்ச் பேப்பர்க் கட்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போகிறேன். இருபது இருக்கும், சில நாள் முப்பது. அவர் கம்ப்யூட்டரில் நம்பரை அடிப்பார், நான் பீஸின் போட்டோவைப் பார்த்து நம்பரை உரக்கப் படிப்பேன். இரண்டு நாலு ஒன்று ஒன்பது. இரண்டு நாலு இரண்டு இரண்டு. அவர் திரும்பச் சொல்வார். பிறகு கையெழுத்து. மணிக்கட்டை உதறிவிட்டு அடுத்தது. வெளியே வண்டி ஹாரன் அடிக்கும். யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. முன்னெல்லாம் அந்த ஹாரன் கேட்டால் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், இப்போது படிக்கிற நம்பரை முடித்துவிட்டுத்தான் தலை தூக்குகிறேன். கால் வலிக்கிறது. நேற்று அவர் பக்கத்து ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னும் பதினாலு இருக்கு, உட்காந்து படி" என்றார்.